நாலரை வயசுப் பையனுக்கு செவ்வாய்க்கிழமை பல் தியேட்டர், வியாழனிலிருந்து சளி. தள்ளிப்போடலாமா?

செல்வி_பீனிக்ஸ், வெள்ளி, 4 ஜூலை, மாலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு நாலரை வயசு, 16 கிலோ. 8ஆம் தேதி செவ்வாய் காலை 8 மணிக்கு டர்பனில் ஒரு டே கிளினிக்கில் முழு மயக்கத்தில் பல் வேலை: ஆறு பல் அடைக்கணும், இரண்டு கடைவாய்ப் பால்பல் பிடுங்கணும். நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுது, தண்ணி மாதிரிதான். இருமல் எப்போதாவது. காய்ச்சல் 37.4. நல்லா ஓடி விளையாடுறான். போன குளிர்காலத்தில் ஒரு தடவை இளைப்பு வந்து பம்ப் கொடுத்தாங்க. அப்பா சிகரெட் பிடிப்பார், வெளி வராந்தாவில் மட்டும்.

24ஆம் தேதி சென்னைக்கு டிக்கெட், குடும்பக் கல்யாணம். ஆகஸ்ட் 10 திரும்புறோம். போறதுக்கு முன்னாடி பல்லை முடிச்சிடணும்னுதான் இந்தத் தேதி வாங்கினோம். மெடிக்கல் எய்ட் அனுமதியும் கிடைச்சாச்சு. சாதாரணச் சளிக்கு இதையெல்லாம் நிறுத்தணுமா?

லோகன்_சாட்ஸ்வர்த், வெள்ளி, இரவு 7.15

தண்ணி மாதிரி சளி என்றால் பயமில்லை, போகலாம். பச்சையாக மாறினால்தான் கிருமி. அப்போது ஆன்டிபயாடிக் மூன்று நாள் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு தடவை தள்ளினால் முழுசாக ஆறு வாரம் தள்ளணும், அது கட்டாய விதி.

குமரன்_மயக்கமருந்து, வெள்ளி, இரவு 9.05

செல்வி அக்கா, நான் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவன். உங்கள் பையனைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அவனுக்கு மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார் என்று சொல்லலாம்.

முதலில், பல்லுக்காக ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்? பல் மருத்துவருக்கு வாய் முழுக்க இடம் வேண்டும். அதனால் மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபைப் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் இறக்குவோம். சளி பிடித்த மூக்கின் உட்தோல் வீங்கிச் சிவந்திருக்கும், டியூப் உரசினாலே ரத்தம் வரும். அந்த ரத்தமும் சளியும் தொண்டைக்குள் இறங்கும். கை எலும்புக்கோ குடலிறக்கத்துக்கோ செய்யும் ஆபரேஷனில் மூக்கையும் தொண்டையையும் தொடாமலே முடிக்கலாம். இங்கே வேலை நடக்கும் இடமும் நோய் பிடித்த இடமும் ஒன்றாகிவிடுகிறது.

இரண்டாவது, வைரஸ் மூச்சுக்குழாயின் மேல்தோலை உரித்துவிடுகிறது. கீழே இருக்கும் நரம்பு முனைகளுக்கு மறைப்பு இல்லாமல் போகிறது. மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் அந்தத் தோல் வளர்ந்து மூட சில வாரம் ஆகும். அந்த நாட்களில் ஒரு சொட்டு எச்சில் குரல்நாண் மேல் விழுந்தாலும் அது இறுக மூடிக்கொள்ளும். பெரும்பாலும் டியூபை எடுத்து, குழந்தை பாதி விழித்த நிலையில் இருக்கும்போது இது நடக்கும். வயிறு மேலே எழும், நெஞ்சு உள்ளே குழியும், மூச்சு விடும் முயற்சி எல்லாம் தெரியும், ஆனால் சத்தமே இருக்காது. மாஸ்க்கோடு இணைத்த பை அசையாது. குழந்தையின் உடலில் ஆக்சிஜன் சேமிப்பு கொஞ்சம்தான், அதனால் அளவு வேகமாக இறங்கும். தாடையை முன்னே தூக்கி, மாஸ்க்கை இறுக்கி அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுப்போம். விடாவிட்டால் மயக்கத்தைக் கூட்டுவோம், அதற்கும் விடாவிட்டால் தசையைத் தளர்த்தும் ஊசி. பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும். ஆனால் அவசரமில்லாத ஒரு வேலைக்காகத் தெரிந்தே அந்த நிலைக்குள் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

லோகன் அண்ணா, நிறம் பற்றிச் சொன்னது பாதி சரி. பச்சை என்றால் பாக்டீரியா என்று அர்த்தமில்லை. சாதாரண வைரஸ் சளியும் மூன்றாம் நான்காம் நாளில் கெட்டியாகி மஞ்சளும் பச்சையுமாக மாறும். ஆன்டிபயாடிக் அதற்கு ஒன்றும் செய்யாது, மூன்று நாள் கொடுத்தால் மூச்சுக்குழாய் ஆறிவிடும் என்பதும் இல்லை. ஆனால் கெட்டிச் சளி நிறைய இருந்தால் டியூபை அடைக்கும், தொண்டையில் தேங்கும். அந்தக் காரணத்துக்காக அது எங்களுக்கு முக்கியம்.

செல்வி_பீனிக்ஸ், வெள்ளி, இரவு 9.40

படிக்கவே பயமா இருக்கு. அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா?

குமரன்_மயக்கமருந்து, வெள்ளி, இரவு 10.20

பயமுறுத்த எழுதவில்லை அக்கா. பழக்கமுள்ள கையில், லேசான சளியோடு எத்தனையோ குழந்தைகளுக்கு நல்லபடியாக மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். கணக்காகவே பார்க்கலாம். கோல்ட்ஸ் என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1, 2 அல்லது 5. மொத்தம் குறைந்தது 5, அதிகம் 25.

இப்போதைய அறிகுறி லேசு, அதற்கு 2. தொடங்கி இரண்டு வாரம் ஆகவில்லை, 5. நுரையீரலில் எப்போதாவது வரும் இளைப்பு, வீட்டில் சிகரெட் புகை, அதற்கு 2. டியூப், 5. பல் பிடுங்குவது, 2. ஆக 16. செவ்வாய்க்குள் நெஞ்சுச்சளி இருமலோ காய்ச்சலோ வந்தால் முதல் எண் 5 ஆகும், மொத்தம் 19.

சளி முழுசாகப் போய், தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் போனால் 1, 2, 2, 5, 2. மொத்தம் 12. நான்கு வாரம் தாண்டினால் 11. ஒரே ஒரு எண்தான் குறைகிறது. அதனால்தான் ஆறு வாரம் கட்டாயம் என்பதை நான் ஏற்கவில்லை. நெஞ்சுக்குள் இறங்கிய தொற்றுக்கும் இன்ஃபுளுவென்சாவுக்கும் நான்கு முதல் ஆறு வாரம் கேட்பேன். மூக்குச்சளிக்கு இரண்டு வாரத்துக்கு மேல், அதாவது மூன்று வாரம் போல இருந்தால் எனக்குப் போதும். இந்த வயதுக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி வரும். ஆறு வாரம் காத்திருந்தால் அடுத்த சளி வந்து நிற்கும், பல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த மதிப்பெண்ணில் இத்தனைக்கு மேல் நிறுத்து என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட கோடு கிடையாது.

பிள்ளை_மாரிட்ஸ்பர்க், சனி, காலை 7.30

எனக்கும் இதே பிரச்சினைதான். வயது 63. ஐந்து நாளாக ஜலதோஷம், இடது பக்கம் மேல் பற்கள் குத்தி வலிக்கின்றன. திங்கள் பல் மருத்துவரிடம் வேர் சிகிச்சைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மயக்க ஊசி போட்டால் குரல்நாண் மூடுமா? வலிக்குக் காலையும் மாலையும் கிராண்ட்பா பவுடர் போடுகிறேன். பிரஷர் மாத்திரையும் உண்டு.

தேவி_பல்மருத்துவம், சனி, காலை 9.10

பிள்ளை ஐயா, உங்களுடையது வேறு விஷயம். ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி உங்கள் மூச்சைத் தொடாது, விழித்துத்தான் இருப்பீர்கள். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் முதலில் அது பல் வலியா என்றே பார்க்க வேண்டும்.

மேல் கடைவாய்ப் பற்களின் வேர் முனைகள் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் தரையை ஒட்டியிருக்கும். அங்கே சளி தேங்கினால் பல் வலிப்பது போலவே இருக்கும். குனிந்து செருப்பு மாட்டிப் பாருங்கள், வலி கூடுகிறதா? ஸ்பூன் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒரே பல் மட்டும் சுளீரென்றால் அந்தப் பல்லில் கோளாறு இருக்கலாம். வரிசையாக மூன்று நான்கு பல்லும் ஒரே மாதிரி மந்தமாக வலித்தால் சைனஸாக இருக்கத்தான் வாய்ப்பு. ஐஸ் தண்ணீர் பட்டு ஒரு பல் மட்டும் வலித்து அரை நிமிடம் நீடித்தால் அது பல் நரம்பு. சந்தேகம் இருக்கும்போது வேர் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது, நல்ல பல்லைத் துளைத்துவிடுவோம். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு பத்து நாள் பார்க்கலாம்.

வேலை பல்லில்தான் என்றாலும் மூக்கு அடைத்திருக்கையில் வேர் சிகிச்சை கடினம். ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டினால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. ஒரு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும், சளி தொண்டைக்குள் இறங்கும். கருவி பல்லுக்குள் இருக்கையில் இருமல் வந்தால் ஆபத்து. கன்னம் வீங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ சளியைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள், அன்றே போங்கள்.

கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின் இருக்கிறது. பல் பிடுங்க நேர்ந்தால் ரத்தம் நிற்கத் தாமதமாகும், எத்தனை நாள் போட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் பாரசெட்டமாலும் இருக்கிறது. மேலே மெட்-லெமனோ பனாடோவோ குடித்தால் அது இரட்டிப்பாகும். மூக்கடைப்புக்கு சூடோஎபெட்ரின் மாத்திரை எடுத்தால் பிரஷர் ஏறும், அதையும் சொல்லுங்கள். நாங்கள் போடும் ஊசியிலும் பிரஷரை ஏற்றக்கூடிய அட்ரினலின் கலந்திருக்கும்.

செல்வி, வீட்டில் கிராண்ட்பா இருந்தால் பையனுக்கு ஒரு துளிகூட வேண்டாம். சளிக்காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பிள்ளை_மாரிட்ஸ்பர்க், சனி, காலை 11.00

குனிந்தால் கன்னமே கனக்கிறது அம்மா. தட்டினால் நான்கு பல்லும் ஒரே மாதிரி. எக்ஸ்ரே மட்டும் கேட்கிறேன். நன்றி.

செல்வி_பீனிக்ஸ், ஞாயிறு, மாலை 5.30

மூக்கு மஞ்சளாயிடுச்சு. ராத்திரி இருமலில் நெஞ்சுக்குள் கரகரன்னு சத்தம். மத்தியானம் 38.3, பனாடோ கொடுத்ததும் இறங்கிடுச்சு. சாப்பாடு பாதிதான். மாமியார் மஞ்சள் பாலும் மிளகு ரசமும் கொடுக்கிறாங்க. செவ்வாய் காலை பனாடோ கொடுத்துக் கூட்டிட்டுப் போனா காய்ச்சல் இருக்காதே?

குமரன்_மயக்கமருந்து, ஞாயிறு, இரவு 7.00

அக்கா, அதை மட்டும் செய்யாதீர்கள். பனாடோ தெர்மாமீட்டரைத்தான் இறக்கும், மூச்சுக்குழாய் அப்படியேதான் இருக்கும். காய்ச்சலுக்கு வீட்டில் தாராளமாகக் கொடுங்கள்: சிரப் 5 மில்லியில் 120 மி.கி., 16 கிலோவுக்கு 10 மில்லி, ஆறு மணிக்கு ஒரு முறை. ஆனால் எந்த மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிவைத்து அவர்களிடம் காட்டுங்கள்.

இப்போது கதை மாறிவிட்டது. 38க்கு மேல் காய்ச்சல், கரகரக்கும் இருமல், சாப்பாடு குறைந்தது. நானாக இருந்தால் செவ்வாய் செய்யமாட்டேன். நாளை காலை கிளினிக் திறந்ததும் போன் செய்யுங்கள். சளி என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் எந்த நாளில் தொடங்கியது, அதிகபட்சக் காய்ச்சல், இருமல் ஈரமா வறட்டா, இளைப்பு வரலாறு, பனாடோ நேரம், இந்த ஐந்தையும் சொல்லுங்கள். மயக்க மருந்து மருத்துவருக்கு அதுவே போதும். முன்தினமே சொன்னால் அந்த நேரத்தை வேறு குழந்தைக்குக் கொடுப்பார்கள். கிளினிக்கில் உடை மாற்றிய பிறகு திருப்பி அனுப்பினால் செலவும் போகும், குழந்தை பட்டினி கிடந்ததும் வீண்.

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தாலோ, விசில் சத்தம் வந்தாலோ பல்லை விடுங்கள், இன்றிரவே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியார் கைவைத்தியம் இப்போது நல்லதுதான். ஆபரேஷன் நாளில் மட்டும் அது கணக்கு. பால் எந்த உருவத்தில் இருந்தாலும் உணவுதான், ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ரசம் தண்ணீர் மாதிரி ஓடுகிறதே என்று கொடுத்துவிடுவார்கள். அதில் பருப்பும் தக்காளியும் இருக்கிறது, அதுவும் ஆறு மணி நேரம். கிளாஸை விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். அப்படித் தெளிவாக இருப்பதை மட்டும்தான் கடைசி இரண்டு மணி நேரம் வரை குடிக்கலாம், சில இடங்களில் ஒரு மணி நேரம் வரை விடுகிறார்கள்.

செல்வி_பீனிக்ஸ், திங்கள், காலை 10.15

போன் பண்ணிட்டேன். அவங்களே நிறுத்திட்டாங்க. அடுத்த தேதி 22 செவ்வாய் தர்றாங்க, இல்லைன்னா ஆகஸ்ட் நடுவில். 24 பயணம். எதை எடுக்கிறது?

லோகன்_சாட்ஸ்வர்த், திங்கள், காலை 10.50

தொடங்கினது 3ஆம் தேதி, 22க்குப் 19 நாள் ஆகிவிடும். குமரன் கணக்குப்படியே சரியாக வருகிறதே. 22 எடுத்து முடித்துவிடுங்கள். மெடிக்கல் எய்டுக்குத் தேதி மாற்றத்தைச் சொல்ல மறக்காதீர்கள். பழைய அனுமதி எண் பழைய தேதிக்குத்தான். மயக்க மருந்து மருத்துவரின் பில் தனியாக வரும்.

குமரன்_மயக்கமருந்து, திங்கள், மதியம் 1.20

19 நாள் என்றது மூக்கோடு நிற்கும் சளிக்கு. இப்போது இருமல் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது, இளைப்பு வந்த பையன் வேறு. 22க்குள் இருமல் முழுசாக நின்று குறைந்தது ஒரு வாரம் ஆகியிருந்தால் நான் யோசிப்பேன். இளைப்புப் பையன் என்பதால் மயக்கத்துக்கு முன் சால்புட்டமால் நெபுலைஸ் செய்வேன், 20 கிலோவுக்குக் கீழே 2.5 மி.கி. கேஸ் மாஸ்க் வைப்பதற்குப் பதில் முதலில் ஊசியில் மருந்து கொடுத்துத் தூங்கவைப்பேன், இறுக்கம் குறையும். இருமல் மிச்சம் இருந்தால் ஆகஸ்ட்.

அப்பா சிகரெட் வராந்தாவில்தான் என்றாலும் சட்டையிலும் கையிலும் புகை ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். இந்த மூன்று வாரமாவது நிறுத்தினால் நல்லது.

தேவி_பல்மருத்துவம், திங்கள், மாலை 4.00

நான் ஆகஸ்ட் பக்கம். 22இல் பிடுங்கி 24இல் விமானம் ஏறினால், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் வந்தாலோ வீங்கினாலோ நடுவழியில் பார்க்க ஆள் இருக்காது. கல்யாணச் சாப்பாட்டில் குழந்தையைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

ஆனால் ஒன்று கேட்கணும் செல்வி. ராத்திரி பல் வலியில் எழுந்து அழுகிறானா? ஈறில் கொப்புளம் இருக்கிறதா? கன்னத்தை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செல்வி_பீனிக்ஸ், திங்கள், மாலை 6.10

அழல. கொப்புளம் இல்லை. இனிப்புச் சாப்பிட்டா மட்டும் கையை வைப்பான்.

தேவி_பல்மருத்துவம், திங்கள், மாலை 6.45

அப்படியானால் காத்திருக்க நேரம் இருக்கிறது. சளி நின்றதும் 18 வாக்கில் சாதாரண நாற்காலியில் உட்கார வைத்துச் சொத்தையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். துளைக்காமல், கைக்கருவியால் மிருதுவான சொத்தையைச் சுரண்டிவிட்டு கிளாஸ் அயனோமரால் மூடுவோம். அவன் சுரண்ட விடாத பல்லில் வெள்ளி கலந்த ஃபுளோரைடைப் பிரஷால் தடவுவோம், ஒரு பல்லுக்கு ஒரு நிமிடம்தான். சொத்தை கெட்டிப்பட்டு வளர்வது நிற்கும். நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பிடுங்க வேண்டிய இரண்டு பல்லுக்கு இது மருந்தல்ல. இந்தியாவில் அவற்றில் வீக்கம் வந்தால் என்ன செய்வது என்று உங்கள் பல் மருத்துவரிடம் எழுதி வாங்கி, எக்ஸ்ரே நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குமரன்_மயக்கமருந்து, திங்கள், இரவு 8.30

நல்ல வழி. ஒரு சந்தேகம் மட்டும். விமானமும் கல்யாணக் கூட்டமும் முடிந்து ஆகஸ்ட் 10 வந்தால் புதுச் சளியோடு வர வாய்ப்பு அதிகம். ஆகஸ்ட் நடுவுத் தேதி மறுபடி உடையலாம். முடிந்தால் ஆகஸ்ட் கடைசி கேளுங்கள்.

ரவி_பயணம், திங்கள், இரவு 9.15

விமானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 24க்குள் இருமல் போனாலும் மூக்கு அடைப்பு இருந்தால் காதுதான் பாடுபடும். கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது. ஏறும்போது நடுக்காதின் காற்று தானே வெளியேறும். இறங்கும்போதுதான் மூக்குக்குப் பின்னால் இருக்கும் குழாய் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும், சளியில் அது ஒட்டிக்கொள்ளும்.

டர்பனிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜோஹானஸ்பர்க் விமான நிலையமே கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கும்போது அழுத்தம் அதிகம் மாறாது, காது ஒன்றும் செய்யாது. அதை நம்பி, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்கள். கடல் மட்டத்தில் இருக்கும் துபாயிலும் சென்னையிலும் இறங்கும்போது, திரும்பி வருகையில் டர்பனில் இறங்கும்போது, முழு மாற்றமும் வரும். அழுகை அங்கேதான்.

தரையிறங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது குழந்தையை எழுப்பி நிமிர்ந்து உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. ஆக்ஸிமெட்டாசோலின் மூக்கு மருந்து தருவதானால் குழந்தைகளுக்கான அளவைப் பார்மசியில் கேட்டு வாங்குங்கள், பெரியவர்களுடையது வேண்டாம். இறங்க அரை மணி முன்னால் ஒரு முறை. தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு இன்னும் கூடும். சூடோஎபெட்ரின் பெரியவர்கள் காதுக்கு உதவும், சின்னக் குழந்தைகளுக்கு உதவுவதில்லை.

காதில் இப்போதே வலியோ சீழோ இருந்தால் 24க்கு முன் டாக்டர் காதுக்குள் பார்க்காமல் ஏறாதீர்கள்.

செல்வி_பீனிக்ஸ், செவ்வாய், காலை 8.20

22ஐ விட்டுட்டேன். ஆகஸ்ட் 26 கொடுத்திருக்காங்க. 18ஆம் தேதி தற்காலிகமா மூட நேரம் வாங்கியாச்சு, 21ஆம் தேதி டாக்டரிடம் காதும் நெஞ்சும் காட்டுறோம். மெடிக்கல் எய்டில் புது எண் வாங்கணும்னு சொன்னாங்க. ஆகஸ்ட் 26க்கு முன்னாடி திரும்பச் சளி வந்தா இதே இழையில் எழுதுறேன்.

குமரன்_மயக்கமருந்து, செவ்வாய், மதியம் 12.45

வந்தால் தொடங்கிய தேதியையும் மணியையும் எழுதிவையுங்கள் அக்கா. மறுபடி அங்கிருந்துதான் எண்ண ஆரம்பிப்போம்.